பெட்டியின் மேல் எழுதியிருக்கும் வயது

பாஞ்சாலங்குறிச்சியில் வீரசக்கதேவி கோயில் திருவிழா நடக்கும் நாட்களில் பொம்மைக் கடைகள் வரிசையாகப் போடப்படும். 1974இல் அரசு கட்டிய கட்டபொம்மன் நினைவுக் கோட்டையைப் பார்த்துவிட்டு வெளியே வரும் குழந்தைகள் நேராக அந்தக் கடைகளில்தான் போய் நிற்பார்கள். பையன்களின் கை பிளாஸ்டிக் வாளுக்கும் கேடயத்துக்கும் போகும். பெண் பிள்ளைகளின் கையில் யாராவது ஒரு பெரியவர் சொப்புச் சாமானைத் திணிப்பார். நான் இந்த இரண்டையும் திட்டி எழுத வரவில்லை. வாளும் சொப்பும் தாங்கள் யாருக்கானவை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றன. எனக்குச் சிக்கலாக இருப்பது மூன்றாவது வகை. ஊரிலிருந்து தூத்துக்குடிக்குப் பஸ் ஏறி, பெரிய கடைக்குப் போய் வாங்கும் ‘அறிவு வளர்க்கும்’ விளையாட்டுப் பெட்டி அது. அதன் மேல் ஒரு எண்ணும் ஒரு கூட்டல் குறியும் இருக்கும்: 3+. பக்கத்திலேயே அது வளர்க்கும் திறன்களின் பட்டியல்: நினைவாற்றல், கணிதம், கை-கண் ஒருங்கிணைப்பு, பொறுமை. இந்தக் கட்டுரை அந்தப் பெட்டியை ஒரு பிரதியாக வாசிக்கும் முயற்சி.

வாசிக்கத் தூண்டியது ஒரு விபத்து. என் தம்பி மகளுக்கு அப்போது மூன்றரை வயது. ‘பாரம்பரியப் பல்லாங்குழி’ என்று அழகான பெட்டியில் வந்ததை வாங்கிக் கொடுத்தோம். பெட்டியில் 3+ என்று போட்டிருந்தது. பெரியவர்கள் எல்லோரும் வீட்டில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு சோழியை வாயில் போட்டுக்கொண்டாள். சிரித்தபோது அது தொண்டைப் பக்கம் நழுவியது. குப்புறக் கவிழ்த்து முதுகில் தட்டியதில் வெளியே வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வரை போகவில்லை. அன்று இரவு வரை வீட்டில் ஒரே கேள்விதான் கேட்கப்பட்டது, அதுவும் ஒரே ஆளிடம்: “நீ பாத்துக்கிட்டு இருக்க மாட்டியா?” என் தம்பி மனைவி பதில் சொல்லவில்லை. அறையில் ஆறு பேர் இருந்தோம். பெட்டியில் எழுதியதை நம்பி அதை வாங்கியது நான்.

முதலில் அந்த எண் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 3+ என்றால் மூன்று வயதுக் குழந்தைக்கு இதை விளையாடத் தெரியும் என்றுதான் நாம் வாசிக்கிறோம். பெரும்பாலும் அது சொல்ல வருவது வேறு: மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தையிடம் இதைக் கொடுக்காதே, தொண்டையில் அடைக்கும். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அதற்கான தரநிலையில் சிறு துண்டுகளுக்கு ஒரு சோதனை உண்டு. 31.7 மில்லிமீட்டர் அகலமுள்ள ஓர் உருளை; அடிப்பாகம் சாய்வாக இருப்பதால் ஆழம் ஒரு பக்கம் 25.4, மறுபக்கம் 57.1 மில்லிமீட்டர். பொம்மையோ அதிலிருந்து கழன்று வரும் துண்டோ, அழுத்தாமல் போட்டதும் முழுதாக அந்த உருளைக்குள் அடங்கிவிட்டால், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அது ஆகாது. பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே அகலமான வாய் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சோழி, புளியங்கொட்டை, மஞ்சாடி, சொப்புக் குடத்தின் மூடி எல்லாமே அதற்குள் போய்விடும்.

ஆக, அந்த எண் ஒரு எச்சரிக்கை. அதைப் பெட்டியின் முன்பக்கத்தில் பெரிதாக அச்சிட்டு, பக்கத்தில் திறன்களின் பட்டியலையும் வைக்கும்போது, அது ஒரு வாக்குறுதியாகிவிடுகிறது. மூன்றாம் பிறந்தநாளுக்கு மறுநாள் குழந்தை எதையும் வாயில் வைப்பதை நிறுத்திவிடுவதில்லை. என் தம்பி மகள் மூன்றரை வயதிலும் வைத்தாள். இதற்குக் குழந்தையின் பிறந்த தேதியைவிட நம்பகமான அடையாளம் ஒன்றிருக்கிறது. ஒரு வாரம் கவனியுங்கள். பென்சில், பொத்தான், சட்டைக் காலர் என்று எதையாவது வாய்க்குக் கொண்டுபோகிறாளா? போகிறாள் என்றால் அவள் வயது நாலரையாக இருந்தாலும் சோழி உயரத்தில்தான் இருக்கவேண்டும். குன்றிமணியை எந்த வயதிலும் வேண்டாம் என்பேன். பழைய பல்லாங்குழிப் பைகளில் அது கலந்து கிடக்கும். கடித்து உடைத்தால் உள்ளே இருப்பது கொடிய நஞ்சு.

கைவினைப் பொம்மைகளுக்கு இன்னொரு விஷயம். பதிவுபெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொருட்களுக்கு அந்த முத்திரையிலிருந்து விலக்கு உண்டு. ஓலைக் கிலுகிலுப்பையிலோ மரச் சொப்பிலோ முத்திரை இல்லை என்பதால் அது மோசமான பொருள் ஆகிவிடாது. அதை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள் என்றுதான் பொருள். கிலுகிலுப்பையைக் கையில் வாங்கி முடைசலை இரண்டு கட்டை விரலாலும் விரித்துப் பாருங்கள். உள்ளே கிடக்கும் கல் தெரிகிற அளவுக்கு இடைவெளி விட்டால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

இனி திறன் பட்டியலுக்கு வருவோம். பல்லாங்குழிப் பெட்டியின் மேல் ‘கணிதத் திறன்’ என்று எழுதியிருந்தது. எந்தக் கணிதம், எந்த வயதில் என்று இல்லை. அதை எனக்குக் காட்டியது என் பெரியம்மா.

பெரியம்மா எட்டாம் வகுப்பு படிக்கும்போது பெரியமனுஷி ஆனார். அத்தோடு பள்ளிக்கூடம் நின்றது. குச்சிலில் உட்கார வைத்த நாட்களில் பேச்சுத்துணைக்கு ஒரு அத்தையும் ஒரு பல்லாங்குழிப் பலகையும் இருந்தன. அப்புறம் கல்யாணத்தின்போது சீர்வரிசையில் ஒரு பலகை வந்தது. அறுபது வருடமாக ஆடுகிறார். வீட்டில் இதற்குப் பெயர் ‘பொழுதுபோக்கு’. அதே வீட்டில் என் அண்ணன் சதுரங்கம் ஆடினால் “மூளைக்காரன்” என்பார்கள். இரண்டையும் ஆடத் தெரிந்த எனக்கு, எங்கே அதிகம் முன்யோசனை வேண்டியிருக்கிறது என்று இன்றும் சட்டெனச் சொல்ல முடியாது.

எங்கள் வீட்டு ஆட்டம் இப்படி. ஆளுக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்து முத்து, ஆக எழுபது. உன் குழிகளில் ஒன்றை அள்ளி, வலப்பக்கமாக ஒவ்வொரு குழிக்கும் ஒன்றாகப் போட்டுக்கொண்டே எதிராளி வரிசைக்கும் போகவேண்டும். கடைசி முத்தைப் போட்டதும் அதற்கு அடுத்த குழியை அள்ளித் தொடரவேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அதோடு கை முடியும். இடையில் எந்தக் குழியிலாவது நான்கு சேர்ந்தால் அது ‘பசு’. அந்தக் குழி யார் பக்கமோ அவர் உடனே எடுத்துக்கொள்வார். ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும்.

முதல் கையை எந்தக் குழியிலிருந்து தொடங்குவது? பலகையை வைத்து ஆடிப் பாருங்கள். முதல் குழியை அள்ளினால் ஆறாம் குழியில் முடிந்து ஏழு முத்து கிடைக்கும். மூன்றாவதை அள்ளினாலும் ஏழுதான். ஏழாவதை அள்ளினாலும் ஏழுதான். எல்லாக் குழியிலும் ஐந்து இருப்பதால் பலகை வட்டமாக ஒரே மாதிரிதான் இருக்கிறது. எங்கே தொடங்கினாலும் அதே கதை இடம் மாறி நடக்கிறது. விதி தெரியாத ஐந்து வயதுக் குழந்தை கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாலும் தன் அத்தைக்குக் கிடைக்கும் அதே ஏழு அவளுக்கும் கிடைக்கும். சிறு குழந்தையைச் சேர்த்துக்கொள்வதற்கு இதைவிட நல்ல வாசல் எந்த ஆட்டத்திலும் நான் பார்த்ததில்லை.

கணக்கு இரண்டாவது ஆளிடம்தான் தொடங்குகிறது. முதல் ஆள் தன் முதல் குழியிலிருந்து ஆடி ஏழை எடுத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். இப்போது எதிர்வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஆறாம் குழியில் ஒரே ஒரு முத்து இருக்கிறது; ஏழாம் குழியில் ஏழு இருக்கிறது. குழந்தைகள் எல்லோரும், நான் உட்பட, ஏழு கிடக்கும் குழியைத்தான் அள்ளுவோம். பெரியம்மா என் கையைத் தட்டிவிட்டார். “ஏட்டி, நெறஞ்ச குழியப் பாத்துக் கைய வைக்காத. அது யாருக்குப் போவுதுன்னு பாரு.”

பார்த்தேன். ஏழு கிடக்கும் குழியை அள்ளினால் முடிவில் பத்து முத்து கிடைக்கிறது. ஆனால் போகிற வழியில் எதிராளியின் முதல் குழியில் நாலாவது முத்து விழுந்து பசு ஆகிவிடுகிறது. நான்கு அவர் கைக்குப் போகிறது. மிச்சம் ஆறு. ஒற்றை முத்தை எடுத்தாலோ, அது பக்கத்தில் விழுந்து, எதிராளியின் இரண்டை அள்ளி, அங்கிருந்து எட்டை அள்ளி, ஒரு சுற்று வந்து எட்டு முத்தில் முடிகிறது. வழியில் எந்தப் பசுவும் இல்லை. பத்தைவிட எட்டு பெரிது என்று காட்டும் ஆட்டம் இது. இதைச் சொல்லிக்கொடுத்தவர் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்; தான் செய்தது கணக்கு என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

இப்போது வயதை வைத்துப் பார்ப்போம். இந்த ஒரே பலகைக்குள் குறைந்தது நான்கு வேறு வேறு திறன்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அவை ஒரே வயதில் வருவதில்லை. நான் சொல்லும் வயதுகள் எங்கள் வீட்டிலும் தெருவிலும் பார்த்தவை. உங்கள் குழந்தை ஆறு மாதம் முன்பின் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

முதலாவது, ஒன்றுக்கு ஒன்று. ஒரு குழி, ஒரு பொருள். மூன்று வயதில் இதற்குப் பல்லாங்குழியே தேவையில்லை. ஆறு கிண்ணத்தை வரிசையாக வைத்து, ஆளுக்கு ஒரு எலுமிச்சம்பழம் என்று போடச் சொல்லலாம். எலுமிச்சை தொண்டைக்குள் போகாது. ஒரு கிண்ணத்தில் இரண்டைப் போட்டுவிட்டு அடுத்ததைத் தாண்டிப் போனால் இந்தப் படி இன்னும் வரவில்லை என்று அர்த்தம். திருத்த வேண்டாம். கடைசியில் ஒரு கிண்ணம் காலியாக நிற்பதை அவளே பார்ப்பாள். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுக்க இந்தியாவில் இருந்த மரியா மாண்டிசோரியின் சாதனங்களில் இருக்கும் கொள்கையும் இதுதான்: தவற்றை டீச்சர் சொல்லக்கூடாது, பொருள் சொல்லவேண்டும்.

இரண்டாவது, எண்ணி வைப்பது. நாலரை, ஐந்து வயதில், வாயில் வைக்கும் பழக்கம் போன பிறகு, ‘குழிக்கு ஐந்து’ என்று நிரப்பும் வேலையை மட்டும் கொடுங்கள். ஒன்று, இரண்டு என்று பாட்டாகச் சொல்வது வேறு, ஐந்தில் நிறுத்துவது வேறு. ஆறாவதைக் கையில் எடுத்துவிட்டு யோசிக்கிறாளே, அந்த இடத்தில்தான் கற்றல் நடக்கிறது. மூன்றாவது, பார்த்ததும் அறிவது. நம் கண்ணுக்கு எண்ணாமல் தெரிவது மூன்று, நான்கு பொருட்கள் வரைதான். பசு நான்கில் நிற்பது அதற்குப் பொருத்தமாக அமைந்திருக்கிறது. குழந்தை எண்ணாமலேயே “பசு!” என்று கத்தும் நாளில் இந்தப் படி ஏறிவிட்டாள் என்று தெரிந்துகொள்ளலாம், ஆறு வயதுவாக்கில் வரும். நாலாவதுதான் பெரியம்மா தட்டிச் சொன்னது: கையை வைக்குமுன் வழியை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது. எட்டு, ஒன்பது வயதுக்கு முன் இதை எதிர்பார்த்தால் குழந்தை பலகையைக் கவிழ்த்துவிட்டுப் போவாள். அது பொறுமையின்மை இல்லை. நாம் கேட்டது அதிகம்.

பெட்டி இந்த நான்கையும் 3+ என்ற ஒரே குறிக்குள் அடைத்திருக்கிறது. மூன்றில் தொடங்கி ஒன்பது வரை நீளும் ஒரு பாதையின் முதல் நாளை மட்டும் அச்சிட்டு விற்கிறது. மீதி ஆறு வருடத்துக்கு யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, விதியைக் குறைத்து, கூட்டி, தோற்றுக்கொடுத்து, முத்தைப் பொறுக்கவேண்டும். ‘குடும்பத்தோடு விளையாடுங்கள்’ என்று பெட்டி அவரை மெல்லிய எழுத்தில் குறிப்பிடுகிறது. படத்தில் அப்பாவும் இருக்கிறார். எங்கள் தெருவில் அந்த இடத்தில் உட்கார்பவர் அம்மா, ஆச்சி, அல்லது பள்ளிக்கூடம் விட்டு வந்த அக்கா.

பல்லாங்குழியைப் புகழ்ந்தே முடித்துவிடக்கூடாது. அதனால் முடியாத ஒன்றும் இருக்கிறது. குழிகளில் எண் எழுதியிருப்பதில்லை; எண்ணுருவைக் கற்க அது உதவாது. பெரிய எண் வரிசையில் தள்ளி இருக்கும் என்ற உணர்வையும் வட்டமாகச் சுற்றும் பலகை தருவதில்லை. அமெரிக்காவில் ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். ஏழை வீட்டு மழலையர் பள்ளிக் குழந்தைகளோடு, ஒன்று முதல் பத்து வரை நேர்வரிசையில் எண் எழுதிய பலகையில் கால்மணி நேரம் போல நான்கு தடவை விளையாடினார்கள். எண்ணறிவு கூடியது. எண்ணுக்குப் பதில் வண்ணம் போட்ட அதே பலகையில் ஆடியவர்களுக்குக் கூடவில்லை. பின்னால் வட்டப் பலகையில் செய்து பார்த்தபோதும் நேர்ப்பலகை அளவுக்குப் பலன் இல்லை. இன்னொரு நுணுக்கமும் தெரியவந்தது. ஐந்தாம் கட்டத்தில் நிற்கும் குழந்தை இரண்டு விழுந்தால் “ஒன்று, இரண்டு” என்று நகர்த்தினால் பலன் குறைவு. “ஆறு, ஏழு” என்று சொல்லி நகர்த்தவேண்டும்.

இதை வைத்துக் கடையில் இருக்கும் பரமபதத்தைப் பாருங்கள். நூறு கட்டம், பத்தில் ஒரு வரிசை முடிந்ததும் அடுத்த வரிசை எதிர்த்திசையில் ஓடும். நாலு வயதுக் குழந்தை பத்திலிருந்து பதினொன்றுக்கு மேலே ஏறாமல் மறுபடி இடது ஓரத்துக்குத் தாவும். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எழுத்தை இடமிருந்து வலம் படி என்று சொல்லிக்கொடுத்தது நாம்தானே. அவளுக்குத் தேவையான பலகைக்குக் காசு வேண்டாம். திண்ணையில் சாக்பீஸால் பத்துக் கட்டம் ஒரே வரிசையில், இடமிருந்து வலமாக, உள்ளே எண்களோடு போட்டால் போதும். ஒன்றும் இரண்டும் மட்டும் விழுகிற மாதிரி இரண்டு பெரிய சிப்பியைப் போட்டு வாய் திறந்ததை எண்ணலாம். இரண்டும் கவிழ்ந்தால் மறுபடி போடலாம். நூறு கட்டத்தை ஆறு வயதுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக வாளுக்கும் சொப்புக்கும் திரும்புகிறேன். சொப்பு மோசமான பொம்மை இல்லை. குடத்துக்குள் சின்னக் குடம் போகுமா என்று பார்ப்பதில் அளவு இருக்கிறது. “நீ விருந்தாளி, நான் சமைக்கிறேன்” என்பதில் இன்னொருவர் இடத்தில் நின்று பேசும் பழக்கம் இருக்கிறது. இந்தத் திறன் பையனுக்கு வேண்டாமா? கட்டை அடுக்குவதிலும் வாளோடு ஓடுவதிலும் வரும் இடம் பற்றிய உணர்வும் உடல் துணிவும் பெண்ணுக்கு வேண்டாமா? கடைக்காரர் “பையனா, பொண்ணா?” என்று முதலில் கேட்கிறார். அடுத்து “எத்தனை வயசு?” என்கிறார். இரண்டு கேள்விகளுமே தவறான இடத்தில் தொடங்குகின்றன. குழந்தை இப்போது எதைச் செய்துகொண்டிருக்கிறாள், எங்கே தடுமாறுகிறாள் என்பது தெரிந்தவர் பக்கத்திலேயே பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். அவரை யாரும் கேட்பதில்லை. ஏதாவது தொண்டையில் சிக்கினால் மட்டும் கேட்பார்கள்.

அந்தச் சோழிப் பையைத் தம்பி மனைவி பரண்மேல் போட்டுவைத்தார். போன வருடம் இறக்கினோம். குழந்தைக்கு இப்போது ஆறு முடிந்துவிட்டது. பெரியம்மா எதிரே உட்கார்ந்தார். தம்பியையும் கூப்பிட்டு உட்கார வைத்தோம். விதி தெரியாது என்றான், மகளே சொல்லிக்கொடுத்தாள். ஏழு முத்து கிடந்த குழியை ஆசையாக அள்ளினான். வழியில் பசு விழுந்தது. அவன் கவனிக்கவில்லை. அவள் எண்ணாமலேயே நான்கையும் வழித்து எடுத்துக்கொண்டாள்.